வறட்டு இருமலா, சளி இருமலா?

மெடிக்கல் ஷாப்பில் இருமல் மருந்து கேட்டால் முதலில் வரும் கேள்வி இதுதான். நாமும் ஏதோ ஒன்றைச் சொல்கிறோம். "வறட்டு இருமல்" என்றால் ஒரு பாட்டில், "சளி இருமல்" என்றால் வேறொரு பாட்டில் கைக்கு வரும். ஜலதோஷத்தோடு வரும் இருமலுக்கு இந்தப் பிரிவு நாம் நினைக்கும் அளவுக்கு உதவுவதில்லை. ஒரே ஜலதோஷம் முதல் சில நாள் வறட்டு இருமலாகவும், அடுத்த சில நாள் சளி இருமலாகவும், கடைசியில் மறுபடி வறட்டு இருமலாகவும் இருப்பது சாதாரணம். இருமல் எந்த வகை என்பதைவிட, அது எத்தனை நாளாக இருக்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது, கையில் உள்ள பாட்டிலில் என்னென்ன மருந்து கலந்திருக்கிறது என்ற மூன்றும் முக்கியம். இந்த அத்தியாயம் அந்த மூன்றையும் பற்றியது.

ஒரே ஜலதோஷம், இரண்டு இருமல்

தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சுவரில் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. தூசியோ புகையோ சளியோ பட்டால் அவை மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. உடனே மூச்சை உள்ளிழுக்கிறோம், குரல்வளை மூடிக்கொள்கிறது, நெஞ்சுத் தசைகள் இறுகுகின்றன, பிறகு அது படீரென்று திறந்து காற்று பாய்ந்து வெளியே வருகிறது. இருமல் என்பது இவ்வளவுதான். மூச்சுப்பாதையைத் துப்புரவாக வைத்திருக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது.

ஜலதோஷ வைரஸ் தொற்றியதும் அந்த உட்சுவர் புண்ணாகிறது. நரம்பு முனைகள் வழக்கத்தைவிடக் கூர்மையாகிவிடுகின்றன. சாதாரண நாளில் பொருட்படுத்தாத குளிர்காற்று, ஊதுபத்திப் புகை, தாளிக்கும் நெடி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது என எல்லாமே இருமலைக் கிளப்பும். வெளியேற்ற உள்ளே ஒன்றும் இருக்காது, ஆனாலும் இருமல் வரும். இதுதான் வறட்டு இருமல்.

இரண்டு மூன்று நாளில் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சளி அதிகமாகச் சுரக்கத் தொடங்குகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. காற்றடிக்கும்போது நெற்பயிர் ஒரே பக்கம் சாய்வதுபோல் அவை ஒரே திசையில் அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வைரஸ் தாக்கத்தில் இந்த இழைகள் பழுதாகிவிடுவதால் சளி அங்கங்கே தங்குகிறது. அதை வெளியே கொண்டுவர உடம்பு இருமுகிறது. இதுதான் சளி இருமல். இந்த இருமலை அடக்கிவிட்டால் சளி உள்ளேயே கிடக்கும்.

இரவில் படுத்தவுடன் இருமல் கூடுவதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. மூக்கில் சுரக்கும் நீர் பின்பக்கமாகத் தொண்டையில் இறங்குகிறது. பகலில் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். படுத்தால் அது குரல்வளை அருகே தேங்கிச் சீண்டுகிறது. நெஞ்சில் சளி இல்லாவிட்டாலும் களகளவென்று சளி இருமல்போலக் கேட்கும். இப்படிப்பட்டவர்களுக்குத் தலையணையைச் சற்று உயர்த்தி வைப்பதே பாதி வேலையைச் செய்யும்.

மஞ்சள் சளி வந்துவிட்டதே?

ஜலதோஷத்தின் நாலாம், ஐந்தாம் நாளில் சளி கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ வருவதைப் பார்த்ததும் பலர் ஆன்டிபயாடிக் தேடிப் போகிறார்கள். அந்த நிறம் கிருமியின் நிறமல்ல. கிருமியோடு போராட வந்த வெள்ளையணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அழியும்போது அது சளியில் கலந்து நிறம் தருகிறது. வைரஸ் தொற்றிலும் இது நடக்கும். எனவே மற்றபடி தெம்பாக இருப்பவருக்கு நிறம் மட்டும் ஆன்டிபயாடிக் எடுக்கக் காரணமாகாது. வைரஸை ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம்.

கவனிக்கவேண்டிய நிறம் சிவப்பு. தொடர்ந்து பலமாக இருமியதால் ஒரு மெல்லிய இரத்தக் கோடு வந்திருக்கலாம். ஆனாலும் இரத்தம் கலந்த சளியை நாமே தீர்மானித்து விட்டுவிடக் கூடாது. டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். துருப்பிடித்த இரும்பு நிறத்தில் சளியும் கூடவே காய்ச்சலும் நெஞ்சுவலியும் வந்தால் நிமோனியாவாக இருக்கலாம்.

எத்தனை நாள் இருக்கும்?

ஒரு வாரத்தில் இருமல் நின்றுவிடவேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மூக்கொழுகலும் தொண்டைவலியும் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கின்றன. இருமல் அப்படியல்ல. வெவ்வேறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பெரியவர்களுக்குச் சராசரியாக 18 நாள்வரை இருமல் நீடிப்பது தெரியவந்தது. குழந்தைகளில் பாதிப்பேருக்கு 10 நாளில் சரியாகிறது. 10 பேரில் 9 பேருக்குச் சரியாக 25 நாளாகிறது.

இது தெரியாததால்தான் பணம் வீணாகிறது. ஐந்தாம் நாள் ஒரு சிரப், எட்டாம் நாள் வேறொரு சிரப், பத்தாம் நாள் ஆன்டிபயாடிக் என்று மாறிக்கொண்டே போவார்கள். பதினைந்தாம் நாள் இருமல் தானாகக் குறையும்போது, அன்றைக்குக் குடித்த மருந்துக்குப் பெயர் கிடைக்கும்.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

இருமல் சிரப் என்பது ஒரு மருந்தல்ல. மூன்று நான்கு மருந்துகளின் கலவை. பாட்டிலின் முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பது கம்பெனி வைத்த பெயர். பக்கவாட்டில் பொடியெழுத்தில் "ஒவ்வொரு 5 மில்லியிலும்" என்று தொடங்கும் பட்டியல்தான் உண்மையான பெயர். ஆங்கிலத்தில் இருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்தால் போதும். அநேகமாக நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

*இருமலை அடக்குபவை.* டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இதில் முதன்மையானது. மூளையில் இருமலைக் கட்டுப்படுத்தும் பகுதியைச் சற்று மந்தப்படுத்துகிறது. தூங்கவிடாத வறட்டு இருமலுக்கு இதைக் கொடுக்கிறார்கள். ஜலதோஷ இருமலில் இதன் பலன் மிகச் சிறியது. சில ஆய்வுகளில் கொஞ்சம் குறைத்தது, சிலவற்றில் வெறும் இனிப்புநீரைவிட அதிகமாக எதுவும் செய்யவில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் படபடப்பு, நடுக்கம், காய்ச்சல் என்று ஆபத்தில் முடியலாம். கோடீன் இதே வேலையைச் செய்யும் வேறொரு மருந்து. அபினிக் குடும்பத்தைச் சேர்ந்தது, பழக்கமாகிவிடும், மூச்சையும் மந்தமாக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் கொடுக்கவே கூடாது.

*தூக்கம் வரவழைப்பவை.* குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் என்பவை பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள். மூக்கொழுகலை ஓரளவு காயவைக்கும். தொண்டையில் நீர் இறங்குவது குறைவதால் இருமலும் கொஞ்சம் குறையும். "அந்த மருந்து குடிச்சா நல்லாத் தூங்குறேன்" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கும். டூவீலர் ஓட்டுபவர்களும் மெஷினில் வேலை செய்பவர்களும் பகலில் குடிக்கக் கூடாது. பிராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சிலவகைக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது.

*சளியை இளக்குபவை.* குவைஃபெனெசின், புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால், அம்மோனியம் குளோரைடு ஆகியவை இந்த வகை. புரோம்ஹெக்சினின் மூலம் நம்மூர் ஆடாதோடை. அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்ட செயற்கை மருந்து அது. இந்த வகை மருந்துகளுக்குச் சளியின் பிசுபிசுப்பைக் குறைக்கும் தன்மை உண்டு. ஆனால் ஜலதோஷ இருமல் இவற்றால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

*கூட வருபவை.* சளி இருமல் சிரப்களில் டெர்பூட்டலின், சால்பியூட்டமால், லீவோசால்பியூட்டமால் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். இவை சுருங்கிய மூச்சுக்குழாயை விரிப்பவை, ஆஸ்துமாவுக்கானவை. வீசிங் இல்லாதவரின் ஜலதோஷ இருமலுக்கு இவற்றால் பயனில்லை. சிரப் குடித்த அரைமணியில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். வறட்டு இருமல் சிரப்களில் மூக்கடைப்புக்கென்று ஃபினைல்எஃப்ரின் சேர்ப்பார்கள். வாய்வழியாகச் சாப்பிடும் ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023ல் ஒருமனதாகச் சொன்னது. ஆனாலும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் இதய நோயாளிகளும் இதைத் தவிர்ப்பதே நல்லது.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். சளி இருமலுக்கு விற்கும் ஒரு சாதாரணக் கலவையில் 5 மில்லிக்கு டெர்பூட்டலின் 1.25 மில்லிகிராம், புரோம்ஹெக்சின் 4 மில்லிகிராம், குவைஃபெனெசின் 50 மில்லிகிராம் இருக்கும். பெரியவர் ஒருவேளைக்கு 10 மில்லி குடித்தால் அவருக்குக் கிடைக்கும் குவைஃபெனெசின் 100 மில்லிகிராம். அந்த மருந்துக்குப் பெரியவர்களுக்கான அளவு ஒருவேளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம். கிடைப்பது பாதியோ அதற்கும் குறைவோதான். சரி, அளவைக் கூட்டிக் குடிக்கலாமா என்றால் கூடாது. டெர்பூட்டலினும் சேர்ந்து கூடிவிடும். கலவை மருந்தில் உள்ள சிக்கலே இதுதான். நமக்கு வேண்டியதை மட்டும் கூட்டவோ, வேண்டாததை விலக்கவோ முடியாது.

இன்னொரு கோளாறும் உண்டு. சில பாட்டில்களில் இருமலை அடக்கும் மருந்தும் சளியை இளக்கும் மருந்தும் சேர்ந்தே இருக்கும். ஒன்று சளியை வெளியே வரவைக்கப் பார்க்கும், மற்றொன்று வெளியே தள்ளும் இருமலை நிறுத்தப் பார்க்கும். லேபிளில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் அம்ப்ராக்சால் போன்ற ஒன்றும் சேர்ந்து தெரிந்தால் அதை வாங்காதீர்கள்.

அப்படியென்றால் சிரப் குடித்ததும் இதமாக இருக்கிறதே, அது பொய்யா? பொய்யில்லை. கெட்டியான இனிப்புத் திரவம் தொண்டையில் இறங்கும்போது உமிழ்நீர் சுரக்கிறது, புண்ணான இடத்தில் ஒரு பூச்சு படிகிறது, மென்தால் குளிர்ச்சி தருகிறது. இருமல் கொஞ்ச நேரம் அடங்குகிறது. இந்த இதத்தில் பெரும்பங்கு மருந்தால் வருவதல்ல, பாகால் வருவது.

அதனால்தான் தேனும் அதே வேலையைச் செய்கிறது. ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன் கொடுத்தால் இரவு இருமல் குறைவதாக ஆய்வுகள் உண்டு. பெரியவர்கள் வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு ஸ்பூன் கலந்து குடிக்கலாம். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, உடலைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனையும் சிரப்பையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டில் நடந்தது

கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். வயது 38. திங்கட்கிழமை தொண்டை கரகரத்தது. புதன்கிழமை மூக்கொழுகல், லேசான காய்ச்சல். வியாழன் இரவு வறட்டு இருமல் தூங்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் கடைக்குப் போனார்.

"அண்ணே, இருமலுக்கு ஏதாவது குடுங்க."

"வறட்டு இருமலா, சளி இருமலா டீச்சர்?"

"வறட்டு இருமல்தான். ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல."

கைக்கு வந்த பாட்டிலில் 5 மில்லிக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் 10 மில்லிகிராம், குளோர்ஃபெனிரமின் 2 மில்லிகிராம், ஃபினைல்எஃப்ரின் 5 மில்லிகிராம் இருந்தன. அவருக்கு வேறு நோயில்லை, வேறு மாத்திரையும் இல்லை. இரவில் மட்டும், மூடியோடு வரும் அளவுக் குப்பியில் 10 மில்லி என்று மூன்று நாள் குடித்தால் தவறில்லை. தூக்கம் கிடைக்கும். பகலில் ஸ்கூட்டி ஓட்டி வகுப்பெடுக்க வேண்டியவர், பகல் வேளைக்குக் குடிக்கக் கூடாது. பகலுக்கு வெதுவெதுப்பான நீரும் தேனும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சளி வரத் தொடங்கியது, மஞ்சளாக இருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது, மூச்சில் சிரமமில்லை. இந்த இடத்தில் சிரப்பை நிறுத்திவிட வேண்டும். இனி வரும் இருமல் வேலை செய்கிற இருமல், அதை அடக்கக் கூடாது. வேறு பாட்டில் தேவையில்லை.

அன்று மாலை அவருடைய அம்மா கேட்டார்: "ஏம்மா, அந்த மருந்துல எனக்கும் ஒரு மூடி ஊத்திக் குடேன். எனக்கும்தான் ஒரு மாசமா இருமுது."

இங்கேதான் நிறையக் குடும்பங்களில் தவறு நடக்கிறது. அம்மாவுக்கு வயது 67. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறார். ஃபினைல்எஃப்ரின் அவருக்கு ஆகாது. குளோர்ஃபெனிரமின் தரும் மயக்கத்தோடு இரவில் பாத்ரூமுக்கு எழுந்தால் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைவிட முக்கியமானது, அவருக்கு ஜலதோஷமே இல்லை. மூக்கொழுகலோ தொண்டைவலியோ இல்லாமல் ஒரு மாதமாக வறட்டு இருமல் என்றால் இரண்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று காசநோய். இன்னொன்று அவர் சாப்பிடும் மாத்திரை. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று "ப்ரில்" என முடியும் பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். எந்தச் சிரப்பும் அதை நிறுத்தாது. டாக்டர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

ஆசிரியைக்கு இரண்டு வாரம் முடிந்தும் இருமல் முழுதாக நிற்கவில்லை. குறைந்துதான் வந்தது, ஆனால் வகுப்பில் சத்தமாகப் பேசினால் வறட்டு இருமல் கிளம்பியது. ஜலதோஷத்துக்குப் பிறகு மிஞ்சும் இருமலின் இயல்பே இதுதான். இருந்தாலும் அவர் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது சரியான முடிவு. காரணம் அடுத்து வருகிறது.

இரண்டு வாரக் கோடு

இந்தியாவில் காசநோய் பரவலாக இருப்பதால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கும் எவரும் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது தேசியக் காசநோய்த் திட்டத்தின் விதி. ஜலதோஷ இருமல் 18 நாள் நீடிக்கலாம் என்று மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. இரண்டு வாரம் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் இருக்காது. இருக்கும் ஒருசிலரைக் கண்டுபிடிப்பதற்காக எல்லோரையும் பரிசோதிக்கிறார்கள். இருமலோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்த்துக் கொட்டுதல், பசியின்மை இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் இரண்டு வாரம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். சளி கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காலையில் எழுந்ததும் வாயை வெறும் நீரில் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியை டப்பாவில் துப்ப வேண்டும். நுரையும் எச்சிலுமாக இருந்தால் பரிசோதனைக்கு உதவாது, நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது.

குழந்தைகளுக்குச் சிரப் கொடுக்கலாமா?

சுருக்கமான பதில்: ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், ஜலதோஷ மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்ற உத்தரவு 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. சின்னக் குழந்தைகளுக்கு இவற்றால் பலன் கிடைப்பதாக ஆதாரமில்லை. மந்தம், படபடப்பு, மூச்சுக் குறைவு போன்ற தீங்குகள் மட்டும் நிஜம்.

2025ல் அந்த அறிவுறுத்தல் வந்ததன் பின்னணி கொடுமையானது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஓர் ஆலையில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படுத்தும் திரவத்தின் இடத்தில் தொழிற்சாலைத் தரத்திலான மலிவுத் திரவம் வந்து சேர்ந்தால் இந்த நச்சும் சேர்ந்துவிடுகிறது. 2022ல் காம்பியாவிலும் இதேபோலக் குழந்தைகள் இறந்தார்கள்.

நிறத்தையோ மணத்தையோ வைத்து இதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, சுவையும் இனிப்புதான். செய்யக்கூடியது இரண்டு. தேவையில்லாத சிரப்பைக் கொடுக்காமல் இருப்பது முதலாவது. டாக்டர் சொல்லி ஏதாவது சிரப் கொடுத்தால், முடியும்வரை லேபிளோடு பாட்டிலையும் பில்லையும் வைத்திருப்பது இரண்டாவது. சிரப் குடித்த சில நாளில் குழந்தை வாந்தியெடுத்து, சிறுநீர் வெகுவாகக் குறைந்தால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டர் சொல்லிக் கொடுக்கும் மருந்தையும் சமையலறை ஸ்பூனில் அளக்காதீர்கள். வீட்டு ஸ்பூன்கள் ஒன்று 3 மில்லி பிடிக்கும், ஒன்று 7 மில்லி பிடிக்கும். பாட்டிலோடு வரும் குப்பியிலோ, ஊசியில்லாத சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும்.

சின்னக் குழந்தைக்கு மருந்தின் இடத்தில் கொடுக்கக்கூடியவை: அடிக்கடி தாய்ப்பால் அல்லது வெதுவெதுப்பான திரவம், மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு, ஒரு வயது தாண்டியிருந்தால் தேன். ஆவி பிடிக்கவைப்பதால் இருமல் குறைவதாக ஆதாரமில்லை, கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்து நிறைய.

எப்போது காத்திருக்கக் கூடாது

குழந்தையின் மூச்சை எண்ணத் தெரிந்திருப்பது எந்தச் சிரப்பையும்விடப் பயன்படும். குழந்தை அழாமல் அமைதியாக, முடிந்தால் தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும், ஏனெனில் குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குக் கீழ் 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

கீழ்க்கண்டவை இருந்தால் 108ஐ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:

- மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குதல், உதடு நீலமாதல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேசமுடியாத மூச்சுத்திணறல்.
- குழந்தை பால் குடிக்கவோ விழுங்கவோ முடியாமல் சோர்ந்து கிடத்தல். இரண்டு மாதத்துக்குக் கீழான குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே போதும், காத்திருக்கக் கூடாது.
- நல்லாயிருந்த குழந்தை கடலையோ பொட்டுக்கடலையோ சாப்பிடும்போது திடீரென்று இருமத் தொடங்குதல். பிறகு இருமல் அடங்கிவிட்டாலும் போக வேண்டும், துண்டு மூச்சுக்குழாயில் தங்கியிருக்கலாம்.
- நாய் குரைப்பதுபோன்ற இருமலோடு மூச்சிழுக்கும்போது 'கீர்' என்ற சத்தம்.
- இருமும்போது கணிசமாக இரத்தம் வருதல், அல்லது திடீர் நெஞ்சுவலி.

ஓரிரு நாளில் டாக்டரைப் பார்க்க வேண்டியவையும் உண்டு. மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல் அதில் ஒன்று. சரியாகி வந்த பிறகு மறுபடி காய்ச்சலோடு இருமல் கூடுவது இன்னொன்று. ஜலதோஷத்தின்மேல் நிமோனியா ஏறும்போது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மூச்சில் விசில்போன்ற சத்தம், ஒவ்வொரு ஜலதோஷத்திலும் இரவில் இருமி எழுந்திருப்பது ஆகியவை ஆஸ்துமாவின் அடையாளமாக இருக்கலாம். அடுத்தடுத்து மூச்சுவிடாமல் இருமி, முடிவில் வாந்தியெடுத்தால் கக்குவான் இருமலா என்று பார்க்க வேண்டும். வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்து, கை குளிராமல் இருக்கும்போது 94க்குக் கீழ் காட்டினால் அன்றே போங்கள். ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள் ஆகியோர் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகப் போவது நல்லது. கர்ப்பிணிகள் ஆடாதோடை சேர்ந்த மருந்துகளையும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இருமல் தொடங்கிய தேதி, காய்ச்சல் இருந்த நாட்கள், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள், இதுவரை குடித்த சிரப்களின் பெயர்கள். "ரொம்ப நாளா இருமுது" என்பதைவிட "தொடங்கி 16 நாளாகிறது, காய்ச்சல் நாலாம் நாள் விட்டது" என்பது டாக்டருக்குப் பாதி பரிசோதனைக்குச் சமம். எழுதித் தரும் சீட்டில் மறுபடி ஒரு கலவைச் சிரப் இருந்தால், "இதில் எந்த மருந்து எனக்குத் தேவை, எத்தனை நாள் குடிக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.